வாழ்த்துக்குள் ஒரு வரி

கிருலப்பனையில், ஹைலெவல் வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், இரண்டு சிநேகிதர்கள் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கணக்காளர், மற்றவர் எங்கே போனாலும் பகிடி விடுகிறவர். காலையில் புறக்கோட்டைக்குப் போகும் 138 பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத்தான் ஏறுவார்கள். சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை வெள்ளவத்தையில் ஒரு குடிபூரல். சாப்பாட்டுக்கு முன்னால் பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில் பகிடிக்காரர் வாய்விட்டார்: “கணக்காளற்ற மகனுக்கே கணக்கில டபிள்யூ எண்டால் நாங்கள் எங்க போறது?” எல்லோரும் சிரித்தார்கள். கணக்காளர் சிரிக்கவில்லை. “என்னைச் சொல்லு, பிள்ளையை ஏன் இழுக்கிறாய்?” என்று கேட்டுவிட்டு, சாப்பிடாமலே எழும்பிப் போய்விட்டார். பகிடிக்காரர் பின்னால் போகவும் இல்லை. “பகிடியைப் பகிடியா எடுக்கத் தெரியாத மனிசன்” என்று அவர் சொன்னதும் யாரோ ஒருவர் மூலம் கணக்காளரின் காதுக்குப் போய்விட்டது. இப்போது இருவரும் வேறு வேறு பஸ்ஸில் போகிறார்கள். வருகிற ஞாயிறு கணக்காளருக்குப் பிறந்தநாள்.

வாழ்த்தாமல் விட்டால் கோபம் நிலைத்துவிடும். வெறுமனே வாழ்த்தினால் ஒன்றுமே நடக்காதது போலாகிவிடும். பெரிதாக மன்னிப்புக் கேட்டால் அவருடைய பிறந்தநாள் இவருடைய குற்ற உணர்ச்சிக்கு நடத்தும் விழாவாகிவிடும். வாழ்த்துக்குள்ளேயே ஒரு வரியில், அமைதியாகப் பிழையை ஒப்புக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அந்த வரியில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது? மொழியியலாளர்களும் உளவியலாளர்களும், பபூன் குரங்குகளின் பின்னால் நடந்தவர்களும்கூட, இந்தக் கேள்வியைச் சுற்றிக் கணிசமாக வேலை செய்திருக்கிறார்கள்.

மொழியியலில் இருந்து தொடங்குவது நமக்கு வசதி. மனிதர் ஏன் நேரடியாகப் பேசாமல் சுற்றிவளைத்துப் பேசுகிறார்கள் என்று விளக்கும் கோட்பாடுகளில் அதிகம் பேசப்படுவது பெனிலோப் பிரவுணும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனி நூலாக வந்தது. அதற்கு அவர்கள் சான்றெடுத்த மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத்துப் பேச்சிலிருந்து எடுத்த உதாரணங்கள் அந்த நூல் முழுக்க வருகின்றன. மற்றவை ஆங்கிலமும் மெக்சிக்கோவின் செல்த்தால் மொழியும்.

அவர்கள் சொல்வது இது. ஒவ்வொருவருக்கும் சபையில் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய முகம் ஒன்று இருக்கிறது. சில பேச்சுகள் கேட்பவரின் முகத்தைக் கெடுக்கும், சில பேசுபவரின் முகத்தையே கெடுக்கும். மன்னிப்புக் கேட்பது இரண்டாவது வகை. நான் செய்தது பிழை என்று சொல்லும்போது சொல்லுகிறவர்தான் கீழே இறங்குகிறார். ஆனால் கேட்பவருக்கும் அதில் ஒரு சங்கடம் உண்டு. நேரடியாக மன்னிப்புக் கேட்டால் உடனே ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். “பரவாயில்லை” என்றால் மனதில் இல்லாததைச் சொன்னதாகிவிடும், பேசாமல் இருந்தால் கல்நெஞ்சன் என்ற பெயர் வரும். ஒரு பேச்சு எவ்வளவு பாரமானது என்பது மூன்றைக் கூட்டினால் வரும் என்பது பிரவுண், லெவின்சனின் கணக்கு: இருவருக்கும் இடையிலுள்ள தூரம், ஒருவருக்கு மற்றவர் மேலுள்ள அதிகாரம், அந்தச் செயலுக்கு அந்தச் சமூகம் கொடுக்கும் எடை. பாரம் கூடக் கூடப் பேச்சு மறைமுகமாகும்.

நெருங்கிய சிநேகிதருக்குள் தூரமும் அதிகாரமும் கிட்டத்தட்டப் பூச்சியம். அதனால்தான் அவர்கள் சாதாரண நாட்களில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்பே கேட்பதில்லை, கேட்டால் அதுவே அந்நியமாக ஒலிக்கும். சண்டை செய்வது என்னவென்றால், அந்தத் தூரத்தை ஒரே பின்னேரத்தில் ஏற்றிவிடுகிறது. நேற்றுவரை “டேய்” என்று கூப்பிட்டவருக்கு என்ன எழுதுவது என்று விரல் தயங்குவது இதனால்தான். மறைமுகமாகச் சொல்லும் ஆசையும் இங்கிருந்துதான் வருகிறது. அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது: வாழ்த்துக்குள் வைத்த ஒரு வரியைக் கணக்காளர் கண்டும் காணாதது போல் விடலாம், “நன்றி” என்று மட்டும் எழுதலாம், அதனால் யாருக்கும் முகம் போகாது.

எவ்வளவு அமைதியாகச் சொல்லலாம் என்பதற்கு இனிக் குரங்குகளிடம் போகவேண்டும். பொட்சுவானாவின் ஒக்கவாங்கோ சதுப்புநிலத்தில் டொரத்தி செனியும் ராபர்ட் செய்ஃபர்த்தும் பபூன் கூட்டமொன்றைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். அங்கே உயர்ந்த தரத்துப் பெண் குரங்கு தாழ்ந்ததைத் துரத்திக் கடித்துவிட்டு, சில நிமிடங்களில் அதன் பக்கம் வந்து மெல்லிய உறுமல் ஒன்றை விடுவதுண்டு. கட்டிப்பிடிப்பதும் இல்லை, பேன் பார்ப்பதும் இல்லை, அந்த உறுமல் மட்டும்தான். அதற்கு ஏதும் பலன் உண்டா என்று பார்க்க அவர்கள் ஒலிபெருக்கியை மறைத்து வைத்தார்கள். சண்டைக்குப் பிறகு, அடித்த குரங்கின் உறுமலை ஒலிப்பதிவிலிருந்து அடிபட்ட குரங்குக்குக் கேட்கச் செய்தார்கள். அதைக் கேட்ட குரங்குகள் அடித்தவளின் பக்கம் போகத் தயங்கவில்லை, அவள் கிட்ட வந்தாலும் விலகி ஓடவில்லை. 1997இல் வெளிவந்த இந்த ஆய்வு, சமாதானத்துக்குப் பெரிய சடங்கு தேவையில்லை என்று காட்டியது. தேவைப்பட்டது ஒரு சிறு ஒலி, அதுவும் அடித்தவளுடைய தொண்டையிலிருந்து வந்தது.

பத்து வருடம் கழித்து அதே ஆய்வுக்குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள். அடித்தவளின் நெருங்கிய உறவுக்காரி உறுமினாலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்தது. பகிடிக்காரரின் மனைவியும் கணக்காளரின் மனைவியும் மரக்கறி வாங்கப் போன இடத்தில் சண்டைக்குப் பிறகும் வழக்கம்போலக் கதைத்துக்கொண்டிருந்தால், அது சும்மா கதை அல்ல. வீட்டுக்குள்ளே ஒரு சமிக்ஞை போய்ச் சேர்ந்துவிட்டது. நம்முடைய சண்டைகளில் பாதி இப்படித்தான் தீர்கின்றன என்பது என் எண்ணம், ஆண்கள் அதை ஒத்துக்கொள்ளாவிட்டாலும்.

ஆனால் பபூனின் உறுமலுக்கும் வட்ஸ்அப் வாழ்த்துக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. அந்த உறுமலுக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு தெளிவான பொருள் உண்டு: இனி அடிக்க மாட்டேன். பிறந்தநாள் வாழ்த்துக்கு அப்படி இல்லை. அது எல்லோரிடமிருந்தும் எப்படியும் வந்துசேரும். 1948இல் தகவல் கோட்பாட்டை வகுத்த குளோட் ஷனன் காட்டியது போல, எதிர்பார்த்தது அப்படியே வந்தால் அதில் தகவல் ஏதும் இல்லை. ஞாயிறு காலை கணக்காளரின் ஃபோனில் நாற்பது வாழ்த்துகள் வந்து கிடக்கும். அவற்றில் முப்பது “இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்” என்றும் ஒரு கேக் படமும். பகிடிக்காரர் அதையே அனுப்பினால், தான் சமாதானக்கொடி காட்டிவிட்டதாக அவர் நினைப்பார். கணக்காளர் படிப்பதோ முப்பத்தோராவது கேக். வழக்கமான வாழ்த்தில் இருக்க வாய்ப்பில்லாத ஏதோ ஒன்று அதற்குள் இருந்தால்தான் அது செய்தி.

அந்த ஏதோ ஒன்று என்ன? அமெரிக்காவில் ரோய் லெவிக்கியும் அவருடன் சேர்ந்தவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்து, எது எவ்வளவு எடுபடுகிறது என்று பார்த்தார்கள். வருத்தம் தெரிவிப்பது, ஏன் நடந்தது என்று விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனிச் செய்ய மாட்டேன் என்பது, நட்டத்தைச் சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது. எல்லாம் சேர்ந்திருந்தால் நல்லதுதான். ஆனால் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் பொறுப்பை ஏற்பது முதலில் நின்றது, அடுத்தது சரிசெய்ய முன்வருவது. கடைசியில் கிடந்தது எது தெரியுமா? “என்னை மன்னித்துவிடு” என்பது. நாம் மன்னிப்பின் சாரம் என்று நினைப்பதுதான் அங்கே மிகக் குறைவாக எடுபட்டது.

இந்த முடிவை எடுத்தபடி கிருலப்பனைக்குப் பொருத்திவிட முடியாது. அந்த ஆய்வில் கற்பனையாகக் கொடுக்கப்பட்ட சம்பவம், வாடிக்கையாளரின் வரிக் கணக்கைப் பிழையாகக் கொடுத்த ஒருவர் புது வேலைக்கு நேர்முகத்துக்கு வருவது. சிநேகிதமும் இல்லை, குடிபூரலும் இல்லை, முன்பின் தெரியாதவரைப் பற்றிய மதிப்பீடு. இன்னொன்றும் அதில் தெரிந்தது: தெரியாமல் செய்த பிழைக்கு மன்னிப்பு எடுபடும் அளவுக்கு, தெரிந்தே செய்ததற்கு எடுபடவில்லை. பகிடிக்காரரின் நிலை இடையில் இருக்கிறது. புண்படுத்த நினைக்கவில்லை, ஆனால் சிரிப்பு வாங்கத் தெரிந்தேதான் சொன்னார். ஆகவே “தெரியாமச் சொல்லிட்டன்” என்ற விளக்கம் இங்கே நிற்காது. கணக்காளருக்கு அவரை இருபது வருடமாகத் தெரியும்.

இனி எழுதிப் பார்க்கலாம். பகிடிக்காரர் முதலில் எழுதக்கூடியது இதுதான்: “பிறந்தநாள் வாழ்த்துகள் மச்சான். அண்டைக்கு நான் சொன்னது உனக்குக் கவலையா இருந்தா சொறி.” பார்க்க மரியாதையாக இருக்கும் இந்த வரியில் பிழை “இருந்தா” என்ற இடத்தில் இருக்கிறது. சாப்பிடாமல் எழும்பிப் போன ஒருவரிடம், உனக்குக் கவலையா இல்லையா எனக்குத் தெரியாது என்று சொல்லுகிறது. பிழை பகிடியில் இல்லை, உன்னுடைய தோலின் மென்மையில் என்கிறது. பொறுப்பு கைமாறிவிட்டது. குடிபூரலுக்குப் பிறகு அவர் சொன்ன “பகிடியா எடுக்கத் தெரியாத மனிசன்” என்பதையே பணிவான குரலில் திரும்பச் சொல்லுவது போல்தான் கணக்காளருக்குக் கேட்கும்.

இரண்டாவது முயற்சி எதிர்த்திசையில் போகும். இரவு முழுக்க யோசித்து இருபது வரி எழுதுவார். நித்திரை இல்லை, மனிசி ஏசுகிறாள், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். இதைப் படித்து முடித்த கணக்காளர் பிறந்தநாளன்று தன் வேலையை விட்டுவிட்டு இவரைத் தேற்ற வேண்டும். வாழ்த்து முதல் வரியோடு செத்துவிட்டது.

மூன்றாவது இப்படி இருக்கலாம்:

“மச்சான், பிறந்தநாள் வாழ்த்து. நல்ல சுகத்தோட நீண்ட காலம் இருக்கோணும். குடிபூரல் வீட்டில எல்லாருக்கும் முன்னால பிள்ளையை இழுத்து நான் கதைச்சது பிழை. நீ சொன்னது சரி. இண்டைக்கு வீட்டாக்களோட சந்தோசமா இரு.”

இதில் வேலை செய்வது நடுவிலுள்ள இரண்டு வாக்கியம். செய்தவர் யார், என்ன செய்தார், எங்கே செய்தார் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. “இருந்தா” இல்லை, “ஆனா” இல்லை. “நீ சொன்னது சரி” என்பது சிறிதாகத் தெரிந்தாலும், சண்டையில் கணக்காளர் சொன்ன ஒரே வாக்கியத்தைக் கேட்டேன், விளங்கிக்கொண்டேன் என்று அது சொல்லுகிறது. மன்னிப்பின் நேரத்தைப் பற்றி சிந்தியா ஃபிரான்ட்சும் கோர்ட்னி பெனிக்சனும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் பொருந்தும். உடனே கேட்ட மன்னிப்பைவிட, பாதிக்கப்பட்டவர் தன் மனத்தாங்கலைச் சொல்லி, மற்றவர் அதை விளங்கிக்கொண்டார் என்று உணர்ந்த பிறகு வந்த மன்னிப்பே கூடுதல் திருப்தி தந்தது. பிறந்தநாள் நம் வசதிக்கு வருவதில்லை. சண்டை முந்தநாள் நடந்து, ஒருவரும் இன்னும் ஒன்றும் சொல்லி முடிக்கவில்லை என்றால், வாழ்த்துக்குள் ஒரு வரியைச் செருகுவது வாயை மூடச் சொல்வது போலாகலாம். அப்போது வாழ்த்து மட்டும் போதும், பிழையை ஒப்புக்கொள்ள வேறு நாள் வரும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். “கேக் வெட்டேக்க எனக்கும் ஒரு துண்டு வை” என்று முடிக்கத்தான் பகிடிக்காரரின் கை போகும். அவருடைய இயல்பு அது. ஆனால் அது உருமாறி வந்த மன்னிப்புக் கோரிக்கை. கணக்காளர் உடனே “வாடா” என்று சொல்லியாக வேண்டும், அல்லது மறுத்த பழியைச் சுமக்க வேண்டும். எதுவும் கேட்காமல் முடிவதுதான் இந்தச் செய்தியை அமைதியானதாக்குகிறது. பதில் எழுதாவிட்டாலும் அது முழுமையாகத்தான் இருக்கும்.

அதில் இல்லாத ஒன்றையும் பாருங்கள். கணக்கு என்ற சொல்லோ டபிள்யூ என்ற எழுத்தோ இல்லை. ஃபோன் மேசையில் கிடக்கும், மகன் பக்கத்தில் இருப்பான், திரை ஒளிர்ந்து செய்தியின் தொடக்கம் தெரியும். அதனால்தான் வாழ்த்து முன்னாலும் ஒப்புக்கொள்ளல் பின்னாலும் இருக்கின்றன. பிழையை அடையாளம் காட்ட அதைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. குடும்ப நண்பர்களின் குழுவில் இதைப் போடுவதா, தனியாக அனுப்புவதா என்ற கேள்வியும் வரும். அவமானம் பத்துப் பேர் முன்னால் நடந்ததால் மன்னிப்பும் அங்கே நடக்க வேண்டும் என்று ஒரு நியாயம் உண்டு. ஆனால் குழுவில் எழுதினால் கணக்காளர் பத்துப் பேர் பார்க்கப் பதில் சொல்ல வேண்டும், பிள்ளையின் கதையும் மறுபடி கிளறப்படும். குழுவில் வழக்கமான வாழ்த்து, தனிச்செய்தியில் இந்த வரி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யலாம். ஜஸ்டின் குரூகரும் நிக்கலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், சிலவற்றைக் கிண்டலாகவும் சிலவற்றை உண்மையாகவும் வைத்து வாக்கியங்கள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். படிப்பவர் நூற்றுக்கு 78 தரம் சரியாகப் பிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் சொன்னபோது 73 தரம் பிடித்தார்கள். மின்னஞ்சலில் 56தான், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். எழுதும்போது நம் காதுக்குள் ஒலிக்கும் குரல் எழுத்தோடு போவதில்லை. தான் எழுதியதைத் தானே நேர்மாறான தொனியில் உரக்கப் படித்தவர்களுக்கு இந்த மிகை நம்பிக்கை குறைந்தது என்பதும் அதே ஆய்வின் கண்டுபிடிப்பு. ஆகவே பகிடிக்காரர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் செய்தியைப் பரிகாசமாகப் படித்துப் பார்க்கட்டும். “நீ சொன்னது சரி” என்பது பரிகாசக் குரலில் நன்றாகவே பொருந்துகிறது என்று தெரியும். அதை “நீ அண்டைக்குச் சொன்னது சரி, பிள்ளையை இழுத்திருக்கக் கூடாது” என்று நீட்டினால் பரிகாசத்துக்கு இடம் குறையும். அவருக்கு இருக்கிற பெயருக்கு இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. சிரிக்கும் முகம் ஒன்றைச் சேர்த்தால் எல்லாம் கெட்டது.

வாழ்த்துக்குள் மறைவாகச் சொல்வது எல்லை மீறினால் என்னாகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் இரண்டாம், மூன்றாம் ஜனாதிபதிகளான ஜோன் அடம்ஸும் தோமஸ் ஜெஃபர்சனும் 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் பகைத்துக்கொண்டு, பத்து வருடத்துக்கு மேல் ஏறத்தாழப் பேச்சின்றி இருந்தார்கள். பொது நண்பரான வைத்தியர் பெஞ்சமின் ரஷ் இரு பக்கமும் எழுதி எழுதித் தூண்ட, 1812 ஜனவரி 1ஆம் திகதி அடம்ஸ் ஒரு புத்தாண்டு வாழ்த்து அனுப்பினார். சண்டை பற்றி ஒரு சொல் இல்லை. வீட்டில் நெய்த துணி இரண்டு துண்டு அனுப்புகிறேன் என்று மட்டும் குறிப்பாக எழுதினார். அது பகிடி. அனுப்பியது தன் மகன் எழுதிய சொற்பொழிவு நூலின் இரண்டு பாகங்கள். கடிதம் முதலில் போய்ச் சேர்ந்தது, பொதி பிந்தியது. ஜெஃபர்சன் அதை நிஜத் துணி என்றே எடுத்துக்கொண்டு, வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு எப்படி நூற்கிறார்கள், நெய்கிறார்கள் என்று அக்கறையாகப் பதில் எழுதினார். நல்ல காலம், அந்தப் பதிலில் பழைய சிநேகிதத்தின் சூடும் இருந்தது. 1826 வரை கடிதங்கள் ஓடின. அவர்களுக்கு இடையே ரஷ் இருந்தார், இருவருக்கும் ஏற்கெனவே மனம் இளகியிருந்தது. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் குறிப்புமொழி துணியாகவே போய்ச் சேரும்.

செய்தி எடுபட்டதா என்று எப்படித் தெரியும்? இரண்டு நீலக் கோடுகள் படித்ததை மட்டும்தான் சொல்லும். “நன்றி” என்று ஒற்றைச் சொல் வந்தால் அது மறுப்பும் அல்ல, ஏற்பும் அல்ல. மறைமுகமான பேச்சு அவருக்குக் கொடுத்த உரிமையை அவர் பயன்படுத்துகிறார், அவ்வளவுதான். “பாத்தியா?” என்று இரண்டாவது செய்தி அனுப்பினால் கொடுத்த உரிமையைப் பறித்ததாகும். பபூன் ஆய்வாளர்கள் உறுமலுக்குப் பதில் உறுமல் வந்ததா என்று மட்டும் பார்க்கவில்லை. இரண்டும் எவ்வளவு கிட்ட வந்தன, ஒன்று கிட்ட வரும்போது மற்றது விலகியதா என்று பார்த்தார்கள். 138 பஸ் தரிப்பிலும் அதையேதான் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஒரு கணக்கு மிஞ்சும். குடிபூரலில் அடிபட்டவர் கணக்காளர் மட்டும் அல்ல. பதினாறு வயதுப் பையன் ஒருவனுடைய பெறுபேறு பத்துப் பேர் சிரிக்கக் காரணமாகிவிட்டது, அவன் காதுக்கு அது கட்டாயம் போயிருக்கும். தகப்பனின் பிறந்தநாள் வாழ்த்துக்குள் அவனுக்கான வரியை மடித்து வைக்க முடியாது. அவனுக்கு வேறு நாள், நேரில், “தம்பி, நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது” என்றுதான் சொல்ல வேண்டும். பெரியவர்கள் சின்னவர்களிடம் இதைச் சொல்லிப் பழக்கமில்லை என்பதால், இருபது வருடச் சிநேகிதருக்கு எழுதியதைவிட இதற்குத்தான் பகிடிக்காரர் அதிகம் தயங்குவார்.